தூர்க்கழலை

சித்தூர் மாவட்டத்துக் குப்பம், பலமநேர் பக்கம் ரோஜா வைத்திருப்பவர்கள் "தூர்ல கட்டி விழுந்துடுச்சு" என்று சொல்லும் நோய்க்கு ஆங்கிலப் பெயர் கிரவுன் கால். மண்மட்டத்திலோ ஒட்டுக்கட்டிய இடத்திலோ சொரசொரப்பாக ஓர் உருண்டை கிளம்பும். முதலில் வெளிறி மெத்தென்றிருக்கும், பிறகு கறுத்துக் கட்டைபோல் இறுகும். நூற்புழு உண்டாக்கும் வேர்முடிச்சோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது மெல்லிய வேர்களில் மணிமணியாக வரும், இது பெரும்பாலும் தூரில் வரும்.

'கிரவுன்' இங்கே மகுடம் அல்ல. தண்டும் வேரும் கூடுமிடத்தைத் தாவரவியலில் அப்படிச் சொல்வார்கள், நம் மொழியில் அது தூர். 'கால்' லத்தீனின் 'கல்லா'விலிருந்து வந்தது. கருவாலி மரத்தில் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு அது. நாட்டுமருந்துக் கடையில் மாசிக்காய் என்று கேட்டால் கொடுப்பார்கள். பித்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் இதனோடு உறவில்லை. உடம்பில் வரும் கட்டிக்குக் கழலை என்ற பழைய சொல் இருப்பதால் 'தூர்க்கழலை' பொருந்துகிறது. 'மகுடக் கழலை' என்று எழுதினால் படிப்பவர் நோயைச் செடியின் உச்சியில் தேடுவார்.

இதை உண்டாக்குவது அக்ரோபாக்டீரியம் டூமிஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியா என்று 1907-ல் ஸ்மித்தும் டவுன்செண்டும் காட்டினார்கள். பின்பெயரின் பொருளே 'வீங்கச் செய்வது'. வீக்கம் எப்படி வருகிறது என்பதற்கான முதல் தடயம் நித்தியகல்யாணிச் செடியில் கிடைத்தது. அந்தச் செடி சூட்டைத் தாங்கும், பாக்டீரியா தாங்காது. 1940-களில் ஆர்மின் பிரான் செடியைக் காயப்படுத்திப் பாக்டீரியாவை ஏற்றி, சில நாள் கழித்து 46 டிகிரி அளவு வெப்பத்தில் வைத்து அதைக் கொன்றார். பாக்டீரியா செத்த பிறகும் கழலை வளர்ந்துகொண்டே இருந்தது. அப்படியானால் ஏதோ ஒன்று செடியின் செல்லுக்குள் தங்கிவிட்டிருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்று டிஎன்ஏ. 1974-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் குழு, கழலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் மட்டும் ஒரு பெரிய வளைய டிஎன்ஏ இருப்பதைக் கண்டது. அதுதான் டிஐ பிளாஸ்மிட். அதன் ஒரு துண்டு கழலைச் செல்லின் டிஎன்ஏவிலேயே இருப்பதை 1977-ல் மேரி-டெல் சில்டனின் குழு காட்டியது. அந்தத் துண்டுக்கு டி-டிஎன்ஏ என்று பெயர்.

காயம்பட்ட செடி அசிட்டோசிரிங்கோன் போன்ற பொருள்களைக் கசியவிடும். அதை மோப்பம் பிடித்ததும் பாக்டீரியாவின் விர் மரபணுக்கள் விழிக்கின்றன. அவை உண்டாக்கும் ஒரு புரதம் டி-டிஎன்ஏவின் ஓரத்தை வெட்டி ஓர் ஒற்றை இழையைப் பிரித்து, அதன் முனையிலேயே ஒட்டிக்கொள்கிறது. இழை ஒரு குழாய் வழியே செடியின் செல்லுக்குள் போய், உட்கருவில் டிஎன்ஏவோடு இணைகிறது. அதில் ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களைச் செய்யும் மரபணுக்கள் இருப்பதால் செல்கள் அடங்காமல் பெருகுகின்றன. கூடவே ஓபைன் என்ற பொருளையும் செடி செய்துதருகிறது, அது பாக்டீரியாவின் உணவு. ஒட்டுக்கத்தியைச் செடிக்குச் செடி கிருமிநீக்கச் சொல்வது இதனால்தான்: கத்தி காயத்தையும் தருகிறது, பாக்டீரியாவையும் சுமக்கிறது.

இந்தப் பாக்டீரியாவைச் செடிக்குள் வேண்டிய மரபணுவை ஏற்றும் கருவியாக்கியவர்களுக்கு உதவியது ஒரு விஷயம். வெட்டும் புரதம் டி-டிஎன்ஏவின் இரு ஓரங்களிலும் உள்ள 25 எழுத்து வரிசையை மட்டுமே அறியும். எல்லைக்கல்லைப் பார்க்குமே தவிர, நடுவில் என்ன விளைகிறது என்று பார்க்காது. ஆகவே கழலை மரபணுக்களை எடுத்துவிட்டு வேண்டியதை வைக்கலாம். விர் மரபணுக்கள் அதே வளையத்தில் இருக்கத் தேவையில்லை என்று 1983-ல் நெதர்லாந்தின் லெய்டன் குழு காட்டியபின், மாற்ற வேண்டிய மரபணுவைக் கையாள எளிதான சிறு பிளாஸ்மிட்டில் வைக்க முடிந்தது.

வழக்கமான சோதனைச் செடி புகையிலை. இலையை வட்டத்துண்டுகளாக வெட்டி, பாக்டீரியாக் கரைசலில் நனைத்து, இரண்டு மூன்று நாள் சேர்த்து வைப்பார்கள். இந்த நாள்களில் அறைச் சூடு முக்கியம். பாக்டீரியா 28 டிகிரியில் நன்றாகவே வளரும், ஆனால் கடத்தும் குழாய் உருவாக 20 டிகிரியை ஒட்டிய குளுமைதான் ஏற்றது. சித்தூர் வெயிலில் ஏசி நின்றுபோனால் துண்டுகள் பச்சையாகத்தான் இருக்கும், டிஎன்ஏ போயிருக்காது. பிறகு பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிமும், மரபணு ஏறாத செல்களை ஒதுக்க கனமைசினும் கலந்த ஊடகத்துக்கு மாற்றுவார்கள். ஏற்றும் மரபணுவோடு கனமைசினைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்தே வைத்திருப்பதால், ஏறிய செல்கள் பிழைக்கும். சில வாரங்களில் துளிர் வரும்.

துளிர் வந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது. மரபணு ஏறாத சிலதும் கனமைசினுக்குத் தப்பிவிடும். குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையும் ஏமாற்றலாம், ஏனென்றால் இலையிடுக்கில் பிழைத்திருக்கும் பாக்டீரியாவிலும் அதே மரபணு இருக்கிறது. அதற்காக விர் மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவார்கள். அது செடிக்குள் போவதில்லை, ஆகவே தென்பட்டால் பாக்டீரியா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு வழி, நீல நிறம் காட்டும் கஸ் மரபணுவின் நடுவே இன்ட்ரான் என்ற இடைத்துண்டைச் செருகி வைப்பது. அதை நீக்கினால்தான் மரபணு வேலை செய்யும். இன்ட்ரானை வெட்டி நீக்கச் செடிக்குத் தெரியும், பாக்டீரியாவுக்குத் தெரியாது. இலை நீலமானால் மரபணுவைப் படித்தது செடியின் செல்தான்.