கடை பில்லில் இருப்பது 3-ஆ, 8-ஆ?

கையால் எழுதிய மளிகைக் கடை பில்லில் ‘து.பருப்பு 1/2 கி’ தமிழில் இருக்கும், அடுத்த வரியில் சோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், தொகைக்குப் பின்னால் ‘/-’ வரும். இதைப் படிக்கும் மென்பொருளுக்கு மொழிக் கலப்பைவிடப் பெரிய தொல்லை, எண்கள்தான். சொல்லில் ஓரெழுத்து மங்கினாலும் பக்கத்து எழுத்துகளை வைத்து ஊகித்துவிடலாம். 80-இல் உள்ள 8 மங்கினால், பக்கத்திலிருக்கும் 0 எந்த உதவியும் செய்யாது.

மென்பொருள் பில்லின் படத்தை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் மெல்லிய கீற்றுகளாக்கி, ஒவ்வொரு கீற்றுக்கும் ‘இது 3 ஆக இருக்க 55 சதவீதம், 8 ஆக இருக்க 40 சதவீதம்’ என்பதுபோல வாய்ப்புகளைத் தருகிறது. தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, எண் மூன்றும் ஒரே பட்டியலில் போட்டியிடுகின்றன. அதனால் ‘ட’ ஆங்கில ‘எல்’ ஆகலாம். ‘105/-’ என்பது ‘1051-’ ஆகலாம். வலப்பக்கத் தொகைப் பத்தியில் எழுத்து வராது என்று சொல்லிவிட்டு, ‘/-’ஐ ஒரே குறியாகக் கற்றுக்கொடுத்தால் இந்தக் குழப்பங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

தீராதது 3-8, 1-7 குழப்பம். இங்கே எனக்கு மிகவும் பிடித்த வழி, பில்லின் கணக்கையே சாட்சிக்கு அழைப்பது. ஒரு பில்லில் மூன்று தொகைகள்: முதலாவது 30 அல்லது 80, அடுத்தது 90, கடைசி 105. மொத்தம் 275 அல்லது 215. அதிக வாய்ப்புள்ளவற்றை மட்டும் எடுத்தால் 30, 90, 105, மொத்தம் 275. கூட்டினால் 225தான் வருகிறது. சரி, நான்கு சேர்க்கைகளையும் பார்ப்போம். 80 + 90 + 105 = 275 என்ற ஒன்று மட்டுமே பொருந்துகிறது. ஆக, பின்தங்கியிருந்த 8தான் சரி. பருப்பு கிலோ 160 என்று விலையும் எழுதியிருந்தால் அரைக் கிலோ 80 என்று இன்னொரு சாட்சியும் கிடைக்கும்.

ஆனால் கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. ஒரு தொகை 10 அல்லது 70 என்றும், மொத்தம் 215 அல்லது 275 என்றும் தெரிந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்தே 60 மாறுகிறது. இரண்டு வாசிப்பும் பொருந்திவிடும். அப்போது கையெழுத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அதே பில்லில் சந்தேகமில்லாத வேறொரு 7 இருந்தால், பில் எழுதியவர் அதற்குக் குறுக்குக் கோடு போடுகிறாரா, தலையை எவ்வளவு நீட்டுகிறார் என்று ஒப்பிடலாம்.

அப்புறம், கடைக்காரர் 277ஐ 275 ஆக்கியிருக்கலாம், பழைய பாக்கியைச் சேர்த்திருக்கலாம், கூட்டலில் தவறியும் இருக்கலாம். எந்தச் சேர்க்கையும் பொருந்தாதபோது, எப்படியாவது பொருந்தவைக்கத் தெளிவான எண்ணைக்கூட மாற்றும் மென்பொருளை நம்பவே கூடாது. சந்தேகமான அந்தத் தொகையின் படத்தை மட்டும் வெட்டி, ஒரு மனிதர் பார்க்கத் தனியே எடுத்துவைப்பதுதான் முறை.