ஓட்டோவின் இலக்கத் தகடும் ஒரு தேசிக்காயும்

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: சந்தியில் எடுத்த வீடியோ ஒன்றில் ஓட்டோவின் இலக்கத் தகட்டுக்கு மேல் மங்கல் போட்டாராம், மென்பொருளும் தானாகவே வண்டியோடு கூடப் போனதாம், ஆனால் நடுவில் ஒரு கணம் மங்கல் விலகித் தகடு முழுசாகத் தெரிந்துவிட்டது, ஓட்டோக்கார அண்ணை அதைக் கண்டுபிடித்து நல்லாத் திட்டியும் விட்டார். ஏன் அப்படி ஆனது? கிளிப்பை வாங்கிப் பார்த்தேன். குற்றவாளி, வண்டிக்கு முன்னால் கண்ணூறு கழிக்கக் கட்டித் தொங்கவிட்டிருந்த தேசிக்காய். அது எப்படி என்று சொல்ல முதலில் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

மாஸ்க் போடுவதில் பெரிய விசயம் இல்லை. ஒரு பிரேமில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், தகட்டைச் சுற்றி ஒரு கட்டம் வரைகிறீர்கள், உள்ளே மங்கலாக்கச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 பிரேம் இருப்பதால் அந்தக் கட்டத்தை ஒவ்வொன்றிலும் சரியான இடத்துக்கு நகர்த்த வேண்டும், அந்த வேலையைச் செய்வதுதான் ட்ராக்கர். தகடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. வெளிச்சம் கூடுகிற குறைகிற புள்ளிகள் மட்டுமே அதற்குத் தெரியும். அதை வைத்து அடுத்த பிரேமில் தகடு எங்கே போனது என்று எப்படிச் சொல்கிறது? எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இரணைமடுக் குளக்கட்டின் சரிவில் கண்ணை மூடிக்கொண்டு, கையை நிலத்தில் வைத்தபடி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் ஒரு அடி போனால் சரிவு 10 அங்குலம் ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது ஏதோ ஒரு பூதம் வந்து, நீங்கள் அசையாமல் நிற்க, குளக்கட்டை அப்படியே பிடித்துத் தள்ளுகிறது. கைக்குக் கீழே நிலம் 20 அங்குலம் தாழ்ந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடலாம், கட்டு வலப்பக்கம் 2 அடி நகர்ந்திருக்கிறது. உயர மாற்றத்தைச் சரிவால் வகுத்தால் நகர்வு வந்துவிடும். உயரத்துக்குப் பதில் வெளிச்சம், அடிக்குப் பதில் பிக்சல், ட்ராக்கர் செய்வது இதையேதான். ஒரு பிக்சலை மட்டும் நம்பாமல், பக்கத்துக்கு 15 பிக்சல் உள்ள ஒரு கட்டத்தை எடுத்தால் 225 பிக்சல்கள் ஆளுக்கொரு விடை சொல்லும், அவை எல்லாவற்றோடும் மிக நன்றாக ஒத்துப்போகிற ஒரே நகர்வைக் கண்டுபிடிக்கிறது.

இந்த முறையை 1981இல் புரூஸ் லூகாஸ், தக்கேயோ கனாடே என்ற இருவர் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு கமெராக்களின் படங்களைப் பொருத்தித் தூரத்தை அளக்கும் பிரச்சினையை. இலக்கத் தகடு மறைக்கிற யோசனை அதில் எங்கும் இல்லை. ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கும்போது "இதால உடனே என்ன பயன்?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு அவர்கள் இருவரின் கட்டுரையின் ஞாபகம்தான் வரும்.

சரி, சரிவே இல்லாவிட்டால்? வெள்ளைச் சுவரில் ஒரு கட்டத்தைப் போட்டால் எந்தப் பக்கமும் வெளிச்சம் மாறாது, சுவர் நகர்ந்ததா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை. ஏ9 வீதியின் ஓரத்து வெள்ளைக் கோட்டைச் சின்னக் குழாய் ஒன்றுக்குள்ளால் பார்த்தால் இன்னொரு சிக்கல். கோடு பக்கவாட்டில் அசைந்தால் தெரியும், ஆனால் தன் நீளப்போக்கிலேயே வழுக்கிப் போனால் எதுவும் மாறினமாதிரித் தெரியாது. அதனால் ட்ராக்கருக்கு மூலைகள் வேண்டும், இரண்டு திசையிலும் வெளிச்சம் மாறுகிற இடங்கள். எழுத்தும் இலக்கமும் நிறைந்த தகட்டில் மூலைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆகவே அது ட்ராக்கருக்கு நல்ல சாப்பாடு.

பிறகு ஏன் ட்ராக்கர் வழுக்குகிறது? முதல் காரணம் வேகம். தம்பியின் கிளிப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டோ மணிக்கு 36 கிலோமீற்றரில், படத்துக்கு ஏறத்தாழக் குறுக்காகப் போகிறது என்றால் விநாடிக்கு 10 மீற்றர், ஒரு பிரேமுக்கு 40 சென்ரிமீற்றர். வீதியின் 8 மீற்றர் நீளம் படத்தின் 1920 பிக்சல் அகலத்தை நிரப்பினால், ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்குள் தகடு 96 பிக்சல் பாய்கிறது. சரிவுக் கணக்கு ஓரிரண்டு பிக்சலுக்குத்தான் செல்லும், 96 பிக்சல் தள்ளிப் போனால் அது வேறு மேடு, வேறு பள்ளம். இதற்கு மென்பொருளில் ஒரு தந்திரம் உண்டு, படத்தைப் பாதி பாதியாகச் சிறுப்பித்துக்கொண்டே போவது. 96 முதலில் 48 ஆகும், பிறகு 24, 12, 6, ஐந்தாவது தடவை 3. அந்தக் குட்டிப் படத்தில் நகர்வைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாகப் பெரிய படத்துக்குத் திரும்பி வந்து திருத்திக்கொள்ளலாம். ஆனால் முப்பது சென்ரிமீற்றர் தகடு முதல் படத்திலேயே 72 பிக்சல்தான், ஐந்து தடவை சிறுத்தால் இரண்டு பிக்சலாகிக் காணாமல் போய்விடும். ஓட்டோ முழுவதும் அப்படியில்லை, அறுநூறு பிக்சலுக்குக் கிட்ட இருப்பது குட்டிப் படத்தில் இருபதுக்குக் கிட்ட மிஞ்சும்.

அதனால் நான் தகட்டை விட்டுவிட்டு வண்டியைத்தான் பிடிப்பேன். ஓட்டோவின் உடம்பை ட்ராக் பண்ணி, மாஸ்க்கை அதோடு கட்டிவிட்டால் போதும், தகடு வண்டியை விட்டு எங்கே போகப் போகிறது?

தம்பி தகட்டை மட்டும்தான் பிடித்திருந்தார். தேசிக்காய் ஆடி ஆடித் தகட்டுக்கு முன்னால் வந்தபோது ட்ராக்கர் அதன் வட்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு தேசிக்காய் எங்கே ஆடியதோ, மாஸ்க்கும் அங்கேயே ஆடியது. கண்ணூறு கழிந்ததா தெரியாது, தனியுரிமை கழிந்துவிட்டது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாஸ்க் போன பாதையின் வரைபடத்தைப் பாருங்கள், வண்டி ஒரே சீராகப் போகும்போது கோட்டில் திடீரென்று ஒரு ஊசிமுனை இருந்தால் ட்ராக்கர் அங்கே கைமாறியிருக்கிறது. அந்த இடத்தை ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்து, கையால் மாஸ்க்கை இழுத்து வைக்க வேண்டும். ஒரு பிரேம் 40 மில்லிவிநாடிதானே என்று விடக்கூடாது, பார்க்கிறவர் நிறுத்திவிட்டு வாசிப்பார். இன்னொன்று, வண்டி படத்துக்குள் நுழையும் பிரேமிலிருந்து தொடங்காதீர்கள். அது பெரிதாக, தெளிவாக இருக்கும் பிரேமில் தொடங்கி முன்னுக்கும் பின்னுக்கும் ட்ராக் பண்ணினால் நுழைவிலும் வெளியேறும்போதும் ஓட்டை குறையும்.

மாஸ்க் சரியாகவே உட்கார்ந்துவிட்டாலும் உள்ளே என்ன போடுகிறீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. மங்கலாக்கினால் தகவல் அழிந்துவிட்டது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், தேசிக்காய் நம்பிக்கை போலத்தான் இதுவும். தகட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள், 0000 தொடங்கி 9999 வரை பத்தாயிரம்தான். முன்னாலுள்ள எழுத்துகளை ஊகித்துவிட்டால், பத்தாயிரம் தகடுகளைக் கணினியில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அதே மங்கலைப் போட்டு, எது வீடியோவோடு ஒத்துவருகிறது என்று பார்த்தால் போதும். மங்கல் லேசாக இருந்தால் விடை கிடைத்துவிடும். சதுரம் சதுரமாக ஆக்கும் மொசைக்கும் வீடியோவில் இன்னும் மோசம், தகடு நகர நகரச் சதுரங்கள் வெவ்வேறு இடத்தில் வெட்டுவதால், ஒவ்வொரு பிரேமும் புதிதாகக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறது. 2007இல், குற்றவாளி ஒருவர் தன் முகத்தைச் சுழித்து மறைத்துப் போட்டிருந்த படத்தைச் ஜேர்மன் பொலிஸ் நிபுணர்கள் சுழியைத் திருப்பி அவிழ்க்க, இன்ரர்போல் முகத்தை வெளியிட்டது. சுழிப்பதில் பிக்சல்கள் இடம் மாறினவே தவிர அழியவில்லை.

முகங்களுக்கும் இதே கதைதான், ஆனால் முகம் திரும்பும், குனியும், கை மறைக்கும், ஓட்டோவின் உடம்பைப் போல விறைப்பாக இருக்காது, அதனால் கையால் திருத்தும் வேலை கூட. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராடுகிறார்கள். அங்கே எடுத்த வீடியோவில் ஒருவர் முகத்தை மறைக்கச் சொன்னால், ஊருக்குள் அவருடைய சேலையும் நடையும் குரலும் போதும் ஆளைச் சொல்ல. குரலை மாற்றி, படத்தின் சட்டத்தை இறுக்கி வெட்டுவதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

தம்பியின் கிளிப்பில் வண்டியைப் பிடித்து, தேசிக்காய் வந்த 11 பிரேமைக் கையால் சரிபண்ணி, தகட்டுக்கு ஒரு கறுப்புப் பெட்டியைப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். பார்க்க வடிவில்லை என்றார். சரி, அண்ணையிடம் காட்டிக் கேளும் என்றேன்.