கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவது ஏன்?

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து விடியப்புறம் மட்டக்களப்பு நகருக்கு வரும் பஸ்களில், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி மடியில் வைத்திருக்கும் வயதானவர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள். பெரியாஸ்பத்திரியில் மாதாந்தக் கிளினிக். அங்கே வாங்கிக்கொண்டு திரும்பும் மருந்து பலருக்கு மெட்ஃபோர்மின், லொசாட்டன், அட்டோர்வாஸ்டடின் என்ற மூன்று மாத்திரைகள்தான். ஊருக்குப் பக்கத்திலுள்ள பிரதேச வைத்தியசாலையிலும் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இவை. அப்படியிருந்தும் அந்த வைத்தியசாலையின் வாசலைத் தாண்டித்தான் பஸ் போகிறது.

“சனங்களுக்கு விளக்கம் இல்லை, சின்ன வருத்தத்துக்கும் பெரிய இடத்துக்கு ஓடுகிறார்கள்” என்று இதற்குக் காரணம் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது சரியல்ல என்பதே என் எண்ணம். அந்த நோயாளிகள் கணக்குப் பார்த்துத்தான் போகிறார்கள்.

முதலில், வைத்தியசாலைகளை ஏன் படிப்படியாக அமைத்தார்கள் என்று பார்ப்போம். 1961இல் கெர் வைட் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆயிரம் வளர்ந்தவர்களை ஒரு மாதம் கவனித்தால், ஏறத்தாழ 750 பேருக்கு ஏதோ ஒரு சுகயீனம் வரும். அவர்களில் 250 பேர் மருத்துவரிடம் போவார்கள். 9 பேர் வைத்தியசாலையில் தங்குவார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகவேண்டியவர் ஒரேயொருவர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டிய தரவு அது; நம் ஊரில் எண்கள் மாறும். ஆனாலும் பெரும்பாலான வருத்தங்கள் கீழ்ப்படியிலேயே முடியக்கூடியவை, மிகச் சிலதான் உச்சிவரை ஏறவேண்டியவை என்ற அமைப்பு எங்கும் ஒன்றுதான்.

மட்டக்களப்பில் அந்தக் கீழ்ப்படி ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகுகளும் பிரதேச வைத்தியசாலைகளும். அதற்கு மேல் களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகள். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை, மகப்பேறு ஆகிய துறைகளின் விசேட வைத்தியர்களை அங்கே எதிர்பார்க்கலாம். உச்சியில் நகரிலுள்ள பெரியாஸ்பத்திரி, அதாவது போதனா வைத்தியசாலை. ஒரு படியில் முடியாததைக் கடிதத்தோடு அடுத்த படிக்கு அனுப்புவார்கள். அங்கே முடிந்ததும் திருப்பி அனுப்புவார்கள். திட்டம் இதுதான்.

ஆனால் இலங்கையில் இந்தப் படிகளுக்குக் கதவு கிடையாது. கடிதம் இல்லாமலே யாரும் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் போகலாம், எங்கும் காசு இல்லை. விசேட வைத்தியரைத் தனியாரில் சனல் பண்ணவும் கடிதம் தேவையில்லை. ஆகவே எந்தப் படியில் ஏறுவது என்பதை நோயாளியே முடிவெடுக்கிறார்.

எப்படி முடிவெடுக்கிறார்? கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மா ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 56, சீனியும் பிரஷரும். மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு மூன்று விடயங்கள் ஒரே நாளில் கூடிவர வேண்டும்: டொக்டர் இருக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும், மூன்று மருந்தும் பார்மசியில் இருக்க வேண்டும். பக்கத்து வைத்தியசாலையில் பத்து நாளில் ஒன்பது நாள் டொக்டர் இருக்கிறார், எட்டு நாள் பரிசோதனை நடக்கிறது, எட்டு நாள் மருந்து முழுமையாக இருக்கிறது என்று கணக்குக்காக எடுப்போம். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் ஒரே நாளில் கூடிவரும் வாய்ப்பு 0.9 × 0.8 × 0.8, அதாவது 0.576. பத்துமுறை போனால் நாலுமுறை ஏதோ ஒன்று இல்லாமல் திரும்ப வேண்டும்.

பக்கத்து வைத்தியசாலைக்குப் போனால் அரைநாள் கழியும். சரிவராவிட்டால் இன்னொரு நாள் முழுக்கச் செலவழித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படியானால் சராசரிச் செலவு 0.5 + 0.42, அதாவது 0.92 நாள். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போனால், அங்கே எல்லாம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இப்படிச் சமமாக இருக்கும்போது மனிதர் நிச்சயமான பக்கத்தையே எடுப்பார். “கிட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து இல்லாட்டி இன்னொரு நாளும் அலையணும் மனே. அங்க போனா ஒரு நாளோட முடிஞ்சிரும்” என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மேலே போட்ட பெருக்கல் கணக்கு அப்படியே அந்தப் பேச்சில் இருக்கிறது.

அதே கணக்கில் மூன்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு உயர்த்திப் பாருங்கள். மூன்றும் கூடிவரும் வாய்ப்பு 0.86 ஆகும், சராசரிச் செலவு 0.64 நாளாக இறங்கும். இப்போது பக்கத்து வைத்தியசாலைதான் தெளிவாக லாபம். புதுக் கட்டிடம் எதுவும் எழும்பத் தேவையில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் முழுமையாக்கி மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் செலவு இந்த அளவுக்கு இறங்காது. பாதையும் இதில் சேரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த வழியால் போவோர் வாவியைப் படகுப்பாதையில் கடந்தார்கள். பாலம் வந்து பயணம் சுருங்கியது பெரிய நிம்மதி. ஆனால் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் செலவும் அதனால் குறைந்தது. பக்கத்து வைத்தியசாலை அதே நிலையில் இருந்தால், தாண்டிப் போவதுதான் இன்னும் இலகுவாகும்.

சரி, மருந்து ஏன் முடிகிறது? நிதித் தட்டுப்பாடும் நாட்டளவிலான கொள்வனவுத் தாமதமும் உண்மை. அவற்றுக்குள் மறைந்து கிடக்கும் இன்னொரு காரணம் மதிப்பீட்டு முறை. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு எவ்வளவு கொடுத்தோம் என்பதை வைத்தே கணிப்பது வழக்கம். ஒரு வைத்தியசாலைக்கு மாதம் 1,000 மாத்திரை தேவை என்று எடுப்போம். ஒன்பது மாதம் இருப்பு இருந்தது, மூன்று மாதம் இல்லை. பதிவேட்டில் ஆண்டுச் செலவு 9,000 என்று இருக்கும். அடுத்த ஆண்டுக்கு 9,000 கேட்டால், அது ஒன்பதாம் மாதத்தில் முடியும். இந்த ஆண்டின் தட்டுப்பாடு அடுத்த ஆண்டின் தட்டுப்பாட்டை எழுதி வைத்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் வெறுங்கையோடு திரும்பியவர்களில் சிலர் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் பதிந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். இப்படிப் போவோர் கூடக்கூட ஆண்டுச் செலவு 8,000க்கு இறங்கும், கேள்வியும் அதற்கேற்பக் குறையும். “இங்கே ஆக்கள் வருவதில்லை, மருந்து எதற்கு?” என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கொடுத்த அளவைப் பன்னிரண்டால் வகுக்காமல், இருப்பு இருந்த மாதங்களால் வகுக்க வேண்டும். 9,000ஐ ஒன்பதால் வகுத்தால் உண்மைத் தேவையான 1,000 வரும். இருப்புப் பதிவேட்டில் பூச்சியம் விழுந்த திகதியும் மீண்டும் சரக்கு வந்த திகதியும் எழுதியிருந்தால் போதும். பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டவர்கள் இந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்களைப் பிடிக்க, அந்தப் பிரதேசத்தில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்ற பெயர்ப்பட்டியல் வேண்டும்.

அடுத்தது கடிதம். மேலே போகும் கடிதம் ஓரளவுக்கு எழுதப்படுகிறது. கீழே திரும்பும் கடிதம்தான் அரிது. போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழும், பிரதேச வைத்தியசாலை மாகாண சபையின் கீழும் இருப்பது இடைவெளியை இன்னும் கூட்டுகிறது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையிலிருக்கும் டயக்னோசிஸ் கார்டில் நோயின் பெயரும் மருந்தும் இருக்கும். பக்கத்து வைத்தியசாலை டொக்டருக்குத் தேவையானது அதைவிடக் கொஞ்சம் கூட: பிரஷரை எந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும், எந்த மருந்தைக் கூட்டலாம், சிறுநீரகப் பரிசோதனை எப்போது, எந்த நிலை வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த நாலு வரி இல்லாவிட்டால் அவர் மருந்தில் கைவைக்கத் தயங்குவார். “அங்கேயே காட்டுங்கோ” என்பார். அந்த ஒரு சொல்லோடு நோயாளி நிரந்தரமாக மேல்படிக்குப் போய்விடுகிறார். இங்கே தயங்கும் டொக்டரில் குற்றம் காண முடியாது. தகவல் இல்லாமல் துணிவது அதைவிட மோசம்.

2018 முதல் சுகாதார அமைச்சு கொண்டுவர முயலும் கொத்தணி முறை இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. விசேட வைத்தியர் உள்ள ஒரு வைத்தியசாலையையும் சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளையும் ஒரு கூட்டாக்கி, ஒவ்வொரு சிறிய வைத்தியசாலைக்கும் அதற்குரிய மக்களைப் பதிவதே திட்டம். பரிசோதனைக்கு நோயாளியை அனுப்பாமல் இரத்த மாதிரியை மட்டும் மேலே அனுப்பலாம் என்பதும் இதில் அடங்கும். நல்ல யோசனைதான், ஆனால் குழாயில் கவனம் வேண்டும். எடுத்த இரத்தத்திலுள்ள கலங்கள் உயிரோடு இருப்பதால் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறை வெப்பநிலையில் விட்டால் மணிக்கு 5 முதல் 7 வீதம் சீனி குறையும். காலை 7 மணிக்கு 130 இருந்த அம்மாவின் இரத்தம், வாகனம் காத்து, வெயிலில் ஓடி, 10 மணிக்கு ஆய்வுகூடம் சேரும்போது 108 அளவில் காட்டும். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் நீரிழிவு என்று சொல்லும் எல்லை 126. இருக்கிற நோய் தாளில் இல்லாமல் போய்விடும். சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைட் குழாய் இந்தக் குறைவை மெதுவாக்கும், உடனே நிறுத்தாது; ஆகவே குளிர்ப்பெட்டியும் தேவை. ஒரு கிராமத்திலிருந்து வரும் சீனி முடிவுகள் மட்டும் தொடர்ந்து அழகாக இருந்தால், எடுத்த நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனைக்கு இந்தத் தொல்லை குறைவு, அதன் மாதிரி குளிரில் சில நாள் தாங்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எப்போதும் கிட்டத்து வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசர நேரத்தில் வருத்தத்தைப் பொறுத்து விடை மாறும். நெஞ்சை அழுத்தி வியர்க்கிறது என்றால், ஈ.சி.ஜி எடுக்கக்கூடிய மிகக் கிட்டிய இடம்தான் சரி. வைத்தியசாலை சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி எடுக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 12 மணித்தியாலம் வரை போடலாம்; முதல் ஓரிரு மணிக்குள் போட்டால்தான் இதயத் தசை அதிகம் தப்பும். ஆதார வைத்தியசாலையைத் தாண்டி நகருக்கு ஓடும் நேரம் இதில் நேரடி இழப்பு. பக்கவாதம் வேறு. முகம் ஒருபக்கம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால், அடைப்பா இரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் இல்லாமல் பிரித்தறிய முடியாது. கரைக்கும் ஊசிக்கான எல்லை நாலரை மணித்தியாலம். இங்கே ஸ்கேன் இல்லாத வைத்தியசாலையைத் தாண்டிப் போவதே சரியான முடிவு. இரண்டிலும் 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிட்டு அறிகுறியைத் தெளிவாகச் சொல்லுங்கள். பக்கவாதத்தில், அவரைக் கடைசியாக நல்லபடி பார்த்த நேரத்தையும் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.