ராஜினாமாவுக்குப் பிறகு போனஸைத் திருப்பிக் கேட்டால்: கணக்கை எங்கே பார்ப்பது?

வேலையை விட்டபின் வரும் இறுதிக் கணக்கில் நோட்டீஸ் தொகையும் ஜாயினிங் போனஸும் கழிக்கப்பட்டிருந்தால், முதலில் எடுக்க வேண்டியது நியமனக் கடிதத்தை. எச்ஆர் அனுப்பும் எக்செல் தாளைவிட அதில் உள்ள ஓரிரு வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஓர் உதாரணம். மொத்தச் சம்பளம் 90,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 45,000. நோட்டீஸ் 60 நாள். ஊழியர் 40 நாள் வேலை செய்துவிட்டுக் கிளம்புகிறார். பாக்கி 20 நாளுக்கு, மொத்தச் சம்பளத்தை வைத்து 60,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 10,800 ரூபாயும் நிறுவனம் கேட்கிறது. ஆனால் கடிதத்தில் இருப்பதோ ‘நோட்டீஸுக்கு ஈடாக அடிப்படைச் சம்பளம்’ என்றுதான். அப்படியானால் 30,000 ரூபாய், அவ்வளவுதான். கடிதத்தில் வெறும் ‘சம்பளம்’ என்று மட்டும் இருந்தால் வாதம் இத்தனை சுலபமாக இருக்காது.

ஜிஎஸ்டி சேர்த்ததும் தவறு. நோட்டீஸ் தொகை எந்தச் சேவைக்கும் கொடுக்கும் விலை அல்ல என்பதால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை எண் 178-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய டெம்ப்ளேட்டை மாற்றாமல் வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் அந்த வரியைப் போட வாய்ப்புண்டு.

நாள் கணக்கையும் பாருங்கள். ராஜினாமா மின்னஞ்சல் போன தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார்களா, மேலாளர் போர்ட்டலில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய தேதியிலிருந்தா?

அப்புறம் போனஸ். சேரும்போது 1,50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். 12 மாதத்துக்குள் விலகினால் ‘விகிதாசாரப்படி’ திருப்பித் தர வேண்டும் என்பது கடிதம். 8 மாதம் முடித்துவிட்டதால் பாக்கி 4 மாதத்துக்கு 50,000 ரூபாய்தான் வரும். நிறுவனம் முழுத்தொகையையும் பிடித்தது கடிதத்துக்கே முரண். நோட்டீஸும் போனஸும் சேர்த்து நிறுவனம் கேட்டது 2,20,800, கடிதப்படி 80,000.

‘முழுத்தொகை’ என்றே எழுதியிருந்தால் நிலைமை கடினம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்று வாதிடலாம். ஆனால் 2025-இல் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகியவரிடம் 2 லட்சம் ரூபாய் கேட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதனால் இந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

எச்ஆருக்கு எழுதும்போது கோபம் வேண்டாம். கடிதத்தின் அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, அதன் வாசகத்தை அப்படியே ஒட்டி, கீழே உங்கள் கணக்கைப் போடுங்கள். ‘கம்பெனி பாலிசி’ என்று பதில் வந்தால், எந்தத் தேதியிட்ட பாலிசி, நீங்கள் எப்போது ஒப்புக்கொண்டீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். கணக்கு முடியும்வரை ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.