பெரியதை எடுத்துக்கொள்: ஒரு பரமபத இரவின் கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வைகுண்ட ஏகாதசி இரவு, கண் விழிக்க வேண்டுமே என்று அவர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் பரமபத அட்டையை விரித்திருக்கிறார்கள். தாயக்கட்டை கிடைக்காததால் லூடோ பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் டைஸ். இரண்டாம் வகுப்பு படிக்கும் கடைக்குட்டி முதல் ஆட்டத்தில் தோற்று அழ ஆரம்பிக்க, பெரியப்பா மகன் ஒரு சலுகை கொடுத்திருக்கிறான்: "நீ சின்னப் பொண்ணு, ரெண்டு டைஸும் ஒண்ணாப் போடு. எது பெருசோ அத்த எடுத்துக்கோ. நாங்கல்லாம் ஒண்ணுதான் போடுவோம்."

குழந்தை விறுவிறுவென்று ஏறிவிட்டாள். ஆனால் பரமபதத்துக்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டாளாம். பின்னால் வந்த மூன்று பேரும் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி வைகுண்டம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். "அவ கை ராசி அப்படி" என்று பாட்டி முடித்துவிட்டார். வாசகியின் கேள்வி இரண்டு. இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுத்தால் எவ்வளவு லாபம்? லாபம் என்றால், கடைசியில் ஏன் இந்தக் கதி?

முதல் கேள்விக்குப் பலரும் சொல்லும் விடை: ஒரு பகடையில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு, இரண்டு பகடைக்கு ஆறில் இரண்டு. இது தப்பு. இந்தக் கணக்குப்படி ஆறு பகடை போட்டால் ஆறு கட்டாயம் விழ வேண்டும். போட்டுப் பாருங்கள், மூன்று முறைக்கு ஒருமுறை ஒரு ஆறுகூட வராது. இரண்டிலும் ஆறு விழுவதை அந்தக் கணக்கு இரண்டு தடவை எண்ணிவிடுகிறது. பள்ளியில் படித்த விஷயம்தான், ஆகவே இதோடு விடுகிறேன். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அதற்கு ஒரு கோலம் போட வேண்டும்.

வாசலில் ஆறுக்கு ஆறு நேர்ப்புள்ளி வையுங்கள். மொத்தம் 36 புள்ளி. வரிசைகள் மேலிருந்து கீழே 1, 2, 3 என்று ஆறு வரை. அது சிவப்புப் பகடை. நிரல்கள் வலமிருந்து இடமாக 1 முதல் 6 வரை. அது நீலப் பகடை. இடமிருந்து எண்ணாமல் வலமிருந்து ஏன் எண்ணச் சொல்கிறேன் என்பது இப்போது தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு உருட்டல். சிவப்பில் 3, நீலத்தில் 5 என்றால் மூன்றாம் வரிசை, ஐந்தாம் நிரல். 36 புள்ளிகளுக்கும் சமமான வாய்ப்பு.

பெரிய எண் 1 ஆக இருக்க வேண்டுமானால் இரண்டும் 1 ஆக வேண்டும். மேல் வலது மூலையில் ஒரே புள்ளி. பெரிய எண் 2 என்றால் (2,1), (1,2), (2,2) என்று மூன்று புள்ளி. மூன்றையும் கோலமாவால் இணைத்துப் பாருங்கள்: இடது பக்கம் கீழே இறங்கி, அடியில் வலப்பக்கம் திரும்பும். அது ஒரு 'ட'. பெரிய எண் 3 அதைச் சுற்றி இன்னொரு 'ட', ஐந்து புள்ளி. அதற்கு வெளியே ஏழு, ஒன்பது, கடைசியில் ஆறுக்கான 'ட'வில் பதினொன்று. ஒவ்வொரு 'ட'வும் முந்தையதைவிட இரண்டு புள்ளி நீளம், ஏனென்றால் நிற்கும் கோட்டில் ஒன்று, படுக்கும் கோட்டில் ஒன்று கூடுகிறது. 1, 3, 5, 7, 9, 11. கூட்டினால் 36, ஒரு புள்ளியும் மிச்சமில்லை. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்கம் வரும் என்று பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது நம் வீட்டு வாசலிலேயே கிடந்திருக்கிறது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் மார்கழி முழுக்க இந்தப் புள்ளிகளை மிதிக்காமல் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரு நாளும் இது கண்ணில் படவில்லை.

ஆக, ஒரு பகடையில் எல்லா எண்ணும் சமம். 'பெரியதை எடு' என்றதும் சமம் போய்விடுகிறது. ஆறு விழும் வாய்ப்பு 36-க்கு 11, ஒன்று விழும் வாய்ப்பு 36-க்கு 1. ஒரே பகடையில் இரண்டுமே 36-க்கு 6 ஆக இருந்தவை. ஆறு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது, ஒன்று ஆறில் ஒரு பங்காகச் சரிந்திருக்கிறது. ஏற்றத்தைவிட இறக்கம் பெரிது. இதை மனதில் வையுங்கள், குழந்தை மாட்டிக்கொண்டது இங்கேதான்.

சராசரியும் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு 'ட'வின் புள்ளிகளையும் அதன் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 161; 36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.47. ஒரு பகடைக்குச் சராசரி 3.5. ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு கட்டம் லாபம், அவ்வளவுதான். இரண்டு பகடை என்பதால் இரட்டிப்பு வேகம் வரவில்லை. மூன்று பகடை போட்டுப் பெரியதை எடுத்தால்? கோலத்துக்குப் பதில் ஒரு கனசதுரம்: காசிமேட்டில் மீன் பெட்டிகளை ஆறு நீளம், ஆறு அகலம், ஆறு உயரம் என்று அடுக்கியது போல 216 பெட்டி. இப்போது 'ட'வுக்குப் பதிலாக மூன்று பக்கம் மூடிய ஓடுகள். வெளி ஓட்டை உரித்தால் உள்ளே ஐந்துக்கு ஐந்துக்கு ஐந்து, 125 பெட்டி. உரிந்து வந்தவை 91, அதுவே ஆறு விழும் வழிகள். சராசரி 4.96. நாலாவது பகடை 5.24 வரை கொண்டுபோகும். முதலில் கூட்டிய பகடை ஒரு கட்டம் தந்தது, அடுத்தது அரைக் கட்டம், அதற்கடுத்தது கால் கட்டத்துக்குச் சற்று மேல். ஆறுக்கு மேலே போக இடமில்லாததால் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாகத்தான் தர முடியும்.

எத்தனை பகடையானாலும் கணக்கின் சூட்சுமம் ஒன்றுதான். 'பெரியது 4' என்பதை நேராக எண்ணப் போனால் குழப்பம். 'பெரியது 4 அல்லது அதற்குக் கீழே' என்பது சுலபம்: எல்லாப் பகடையும் 4-க்குள் அடங்க வேண்டும், அதனால் பெருக்கினால் போதும். அதிலிருந்து 'பெரியது 3-க்குள்' என்பதைக் கழித்தால் 4 மட்டும் மிஞ்சும். பெரிய சதுரத்திலிருந்து சின்ன சதுரத்தைக் கழித்தால் 'ட' மிஞ்சுவது போல. எழுத்தில் வேண்டுமென்றால், n பகடையில் பெரியது k ஆக வரும் வாய்ப்பு:

```
P(k) = (k^n - (k-1)^n) / 6^n
```

அப்புறம், அந்தக் கடைசிக் கட்டம். அவர்கள் வீட்டு விதிப்படி பரமபதத்துக்குள் நுழையச் சரியான எண் விழ வேண்டும். கூடுதலாக விழுந்தால் நகரக் கூடாது. ஒரு கட்டம் பாக்கி என்றால் 1 வேண்டும். ஒரு பகடை வைத்திருப்பவருக்குச் சராசரியாக ஆறு முறை. குழந்தைக்கோ இரண்டிலும் ஒன்று விழுந்தால்தான் 'பெரியது' 1. சராசரி 36 முறை. நாலு பேர் ஆட, ஆளுக்குப் பத்து விநாடி என்று வைத்தால் அது 24 நிமிடம். அதற்குள் அண்ணன்மார் வைகுண்டம் போய்ப் பாயசமும் குடித்துவிடுவார்கள்.

சரி, ஒரு கட்டம் பாக்கியில் நிற்காமல் இரண்டு கட்டம் பாக்கியில் நின்றிருந்தால்? 36 உருட்டல்களில் நாலு மட்டுமே அவளை நகர்த்தும். நகரவே சராசரி ஒன்பது முறை ஆகும். அந்த நாலில் மூன்று 2 விழுந்து நேராக உள்ளே அனுப்பும். மீதி ஒன்று, 1 விழுந்து, மறுபடி அந்த ஒரு கட்டப் பள்ளத்தில் தள்ளும். அங்கே 36 முறை. நாலில் ஒரு பங்கு 36 என்றால் ஒன்பது. ஒன்பதும் ஒன்பதும் 18. மூன்று கட்டம் பாக்கிக்கும் போட்டுப் பார்த்தேன், 18 வந்தது. நாலுக்கும் 18, ஐந்துக்கும் 18, ஆறுக்கும் 18. முதலில் எங்கோ கூட்டல் தப்பு என்று நினைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். தப்பில்லை. (கடைசி வரிசையில் பாம்பு இருந்தால் இது மாறும், பாம்பை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) ஒரே பகடை போடும் அண்ணனுக்கு, ஒன்று முதல் ஆறு வரை எந்தக் கட்டம் பாக்கி இருந்தாலும் சராசரி ஆறு முறைதான். ஆக, மேலே ஏறும் வரை அவனைவிட வேகமாக ஓடியவள், வாசலில் மூன்று மடங்கு நேரம் நிற்கிறாள். துரதிர்ஷ்டம் முற்றினால் ஆறு மடங்கு.

கை ராசி பற்றி எனக்குப் பாட்டியோடு சண்டை போட விருப்பமில்லை. ஆனால் ஒரு பெண் குழந்தையின் கையை ராசியில்லாத கை என்று சொல்லிவிட்டால், அது பரமபத அட்டையோடு நிற்பதில்லை. அடுத்த தடவை விளக்கேற்றச் சொல்லும்போதும் யாருக்காவது அது ஞாபகம் வரும். அந்தக் கை செய்த ஒரே தப்பு, அண்ணன் சொன்ன விதிப்படி ஆடியது.

டைஸே கோணலோ என்றும் வாசகி கேட்டிருந்தார். இருக்கலாம், ஆனால் ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து 72 முறை உருட்டி, பெரியது ஆறாக வந்தது எத்தனை என்று கோடு போடுங்கள். 22 எதிர்பார்க்கலாம். 18, 26 என்று வந்தாலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நாலு கூடக்குறைய இருப்பது சாதாரணம். 14-க்குக் கீழே அல்லது 30-க்கு மேலே போனால் இன்னொரு 72 போட்டுப் பாருங்கள். இரண்டாவது தடவையும் அப்படியே என்றால் கல்மண்டபத்தில் புதுசாக வாங்கிவிடலாம்.

விதியைத் திருத்துவது இன்னும் சுலபம். 'பெரியதை எடு' என்பதை 'இரண்டில் எது வேண்டுமோ அதை எடு' என்று மாற்றினால் போதும். மேலே ஏறும்போது அவள் பெரியதையே எடுப்பாள், 4.47 அப்படியே இருக்கும். வாசலில் 1 தேவைப்படும்போது இரண்டில் ஏதாவது ஒன்றில் 1 விழுந்தால் சரி. அதற்கு 36-க்கு 11 வாய்ப்பு. 36 முறை காத்திருந்தது மூன்றேகால் முறையாகச் சுருங்கிவிடும், அண்ணனின் ஆறு முறையைவிட அது கம்மி. இதை வாசகிக்கு எழுதி அனுப்பினேன். வீட்டில் சொன்னதும் பெரியப்பா மகன், "அப்போ எனக்கும் ரெண்டு டைஸ் வேணும்" என்றானாம்.