பொட்டு வெடியை யார் அடிப்பது, சுத்தியலா ஸ்ட்ரைக்கரா?

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தவர்களுக்குக் கைத்துப்பாக்கியின் பாதிச் சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். ஓங்கி அடித்தால் வெடிக்கும். மெல்லத் தட்டினால் சும்மா கிடக்கும். மணல் மேல் வைத்து அடித்தால், எவ்வளவு ஓங்கினாலும் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

தோட்டாவின் பின்பக்கம் நடுவில் இருக்கும் பிரைமரும் இதே சாதிதான். 9 மில்லிமீட்டர் தோட்டாவில் அது சுமார் 4.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் உலோகக் கிண்ணம். உள்ளே, அடித்தால் பற்றிக்கொள்ளும் மருந்து. பல காலமாக லெட் ஸ்டிஃப்னேட் கலந்த கலவை. மருந்தை ஒட்டி அன்வில் என்ற குட்டிப் பட்டறைக்கல். வெளியிலிருந்து ஒரு முனை கிண்ணத்தைக் குத்தி உள்ளே தள்ளும்போது, மருந்து கிண்ணத்துக்கும் அன்விலுக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே போய் வெடிமருந்தைக் கொளுத்துகிறது. ஆக, வேண்டியது ஓர் அடி. அந்த அடிக்கான சக்தியை எந்த ஸ்பிரிங் வைத்திருக்கிறது, அந்த ஸ்பிரிங்கை யார், எப்போது அழுத்தினார் என்பதில்தான் சுத்தியல், ஸ்ட்ரைக்கர் என்ற இரண்டு வகைத் துப்பாக்கிகளும் பிரிகின்றன.

முதலில் சுத்தியல் வகை. 1985இல் அமெரிக்க ராணுவம் எம்9 என்ற பெயரில் எடுத்துக்கொண்ட பெரெட்டா 92 இதற்கு நல்ல உதாரணம். பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹேமர் என்ற சுத்தியல், ஓர் அச்சில் சுழலும். அதை இழுக்கும் ஸ்பிரிங் கைப்பிடிக்குள் இருக்கிறது. முதல் குண்டுக்கு, ஹேமர் படுத்திருந்தால், ட்ரிகரை இழுக்கும் விரலே ஹேமரைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ விசையும் நீளமான இழுப்பும் தேவை. சுட்டதும் பின்னால் ஓடும் ஸ்லைடு என்ற மேல்பாகம், போகிற போக்கில் ஹேமரை மடக்கி விட்டுவிடுகிறது; சியர் என்ற கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த குண்டுக்கு விரல் செய்ய வேண்டியது அந்தக் கொக்கியை நழுவவிடுவது மட்டும்தான். இழுப்பு பாதியாகக் குறைந்துவிடும். ஒரே துப்பாக்கியில் முதல் இழுப்பு ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. பயிற்சி எடுப்பவர்கள் புலம்புவது இதைப் பற்றித்தான்.

விடுபட்ட ஹேமர் நேரடியாகப் பிரைமரைத் தொடுவதில்லை. நடுவில் ஃபயரிங் பின் என்ற மெல்லிய ஊசி இருக்கிறது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் ஒரு காயை அடிக்க, அந்தக் காய் இன்னொன்றை அடிக்கிற மாதிரி, ஹேமர் ஊசிக்கு வேகத்தைக் கொடுக்க, ஊசி போய்க் குத்துகிறது.

ஸ்ட்ரைக்கர் வகையில் இந்த நடு ஆள் கிடையாது. ஊசியே அடிப்பான். ஸ்லைடுக்குள் ஊசியும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. சுழலும் பாகம் எதுவும் இல்லை. இதைப் புது யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே பிரவுனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கியிலும், ஜெர்மனியின் லூகரிலும் இது இருந்தது. அதை உலகம் முழுக்கப் பரப்பியது 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற க்ளாக் 17.

க்ளாக்கின் குறும்பு என்னவென்றால், சுடத் தயாராக இருக்கும்போது அதன் ஸ்பிரிங் முழுசாக அழுந்தியிருப்பதில்லை. சுட்டபின் ஸ்லைடு முன்னால் திரும்பி வரும் கடைசிக் கட்டத்தில், ஸ்ட்ரைக்கரின் அடியில் உள்ள காது, ட்ரிகரோடு இணைந்த ட்ரிகர் பார் என்ற தகட்டின் சிலுவை வடிவ முனையில் மாட்டிக்கொள்கிறது. ஸ்லைடு தொடர்ந்து முன்னே போக, ஸ்ட்ரைக்கர் அங்கேயே நிற்க, ஸ்பிரிங் ஓரளவு அழுந்துகிறது. மீதியை விரல் அழுத்துகிறது. ட்ரிகரை இழுத்தால் பார் ஸ்ட்ரைக்கரை இன்னும் பின்னுக்கு இழுக்கும். முடிவில் கனெக்டர் என்ற சாய்வான தகடு பாரைக் கீழே இறக்க, காது நழுவி ஸ்ட்ரைக்கர் பாய்கிறது. முதல் குண்டுக்கும் பதினேழாவது குண்டுக்கும் இழுப்பு ஒன்றுதான், சுமார் 2.5 கிலோ.

பாதி அழுத்தம் ஏன்? ஸ்பிரிங்கின் சக்தி, அழுத்திய தூரத்தின் இருமடிப்படி கூடும். ஆரம்ப அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காத ஒரு சாதாரண ஸ்பிரிங்கை வைத்துப் பாருங்கள்: பாதித் தூரம் அழுத்தினால் கிடைப்பது பாதிச் சக்தி அல்ல, கால் பங்குதான். தவறிப்போய் ஸ்ட்ரைக்கர் நழுவினாலும் அடி பலவீனமாகவே இருக்கும். அதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு: ட்ரிகர் பின்னால் போனால் மட்டுமே மேலே தள்ளப்படும் ஒரு சிறு முளை ஸ்ட்ரைக்கரின் வழியை மறித்து நிற்கிறது. இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங், ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டித்தான் கதவை மூட வேண்டும். அது தளர்ந்துபோனால் ஸ்லைடு கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிடும்.

எல்லா ஸ்ட்ரைக்கர் துப்பாக்கியும் இப்படிப் பாதியில் நிற்பதில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் பி320இன் ஸ்ட்ரைக்கர் கிட்டத்தட்ட முழுசாக இழுபட்டே இருக்கும். ட்ரிகர் அதை விடுவிப்பது மட்டும்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், ஸ்லைடின் பின்முனை தரையில் படும்படி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் அது தானாகச் சுடக்கூடும் என்று தெரியவந்தது. பொட்டு வெடியை போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் வைத்துத் தரையில் எறிந்து விளையாடியவர்களுக்கு இது புரியும். ஒரு பாகம் தரையில் மோதி நின்றாலும் இன்னொன்றின் வேகம் உடனே நிற்காது. இங்கே அப்படி நிற்காமல் போனது ட்ரிகர். துப்பாக்கி தரையில் மோதி நின்றபோது, கனமான ட்ரிகர் தன் எடையின் உந்தத்திலேயே பின்னால் நகர்ந்தது. உள்ளே முளைப் பூட்டு இருந்தும் பயனில்லை. ட்ரிகர் நகர்ந்தால் அந்தப் பூட்டும் திறந்துவிடுமே! நிறுவனம் எடை குறைந்த ட்ரிகரும் வேறு சில மாற்றங்களும் செய்துகொடுத்தது. க்ளாக்கில் ட்ரிகரின் நடுவில் இருக்கும் சிறு நாக்கு, விரல் படாதவரை ட்ரிகரை நகரவிடாது. அந்தக் குட்டி நாக்கின் வேலை இப்போது புரிகிறதா?

சரி, ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால்? பெரெட்டாவில் மறுபடி இழுத்தால் ஹேமர் மறுபடி அடிக்கும். க்ளாக்கில் ஸ்லைடை இழுத்தால்தான் ஸ்ட்ரைக்கர் மறுபடி மாட்டும். அதற்குள் அந்தத் தோட்டா வெளியே போய்விடும். சுத்தியல் வகையின் ரசிகர்கள் இதைப் பெரிய சாதகமாகச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கெட்டுப்போன பிரைமரை இரண்டாம் முறை அடித்தும் பயனில்லாமல் போகலாம்.

இரண்டாவது அடியில் வெடித்தால் அதுவே ஒரு துப்பு. பிரைமர் தன் குழிக்குள் முழுசாக இறங்காமல் இருந்திருக்கலாம். முதல் அடியின் சக்தி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோயிருக்கும். மணல் மேல் வைத்த பொட்டு வெடியின் கதைதான். இல்லையென்றால் பிரைமரில் ஊசி விட்ட பள்ளத்தைப் பார்க்க வேண்டும். ஆழமான பள்ளம் விழுந்தும் வெடிக்கவில்லையென்றால் சந்தேகம் பிரைமர் மீது. லேசான பள்ளம் மட்டும் என்றால் சந்தேகம் துப்பாக்கி மீது: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஸ்லைடு முழுசாக மூடாமல் இருந்திருக்கலாம், ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாயில் எண்ணெயும் கரியும் குழம்பாகி அதன் வேகத்தைத் தின்றிருக்கலாம். அந்தக் குழாய்க்கு எண்ணெய் போடாதே, காய்ந்தே இருக்கட்டும் என்று க்ளாக்காரர்களுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

அந்தப் பள்ளம் இன்னொன்றும் சொல்லும். பெரெட்டாவின் வட்ட முனை ஊசி வட்டமான குழியை விடும். பழைய தலைமுறை க்ளாக்கின் முனை உளிபோல இருப்பதால் நீள்வட்டமான தடம் விழும். தரையில் கிடக்கும் காலித் தோட்டாக் கூட்டை எடுத்துப் பார்க்கும் தடயவியல் நிபுணர், துப்பாக்கியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே க்ளாக்கைச் சந்தேகிப்பது அந்தத் தடத்தை வைத்துத்தான்.