டெல்லி குளிரில் நடுங்கும்போதுதான் சூரியன் நமக்கு அருகில்

ஒன்பதாம் வகுப்பில் பருவகாலப் பாடத்தைத் தொடங்கும் முன், "கோடையில் வெயில் ஏன் சுடுகிறது?" என்று கேட்டு எழுதித் தரச் சொல்வேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே விடைதான்: "அப்போது பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது." அடுப்பை நெருங்கினால் சுடும் என்று அறிந்த பிள்ளைகள் வேறெப்படி நினைப்பார்கள்? பல படங்களில் பூமியின் பாதை முட்டைபோல் நீண்டிருப்பதும் இந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. உண்மையான வடிவத்தில் அதை 30 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால், அகலம் 0.04 மி.மீ. மட்டுமே குறையும். பென்சில் கோட்டின் தடிமன்கூட அதைவிட அதிகம். சூரியன்தான் நடுவிலிருந்து இரண்டரை மி.மீ. விலகியிருக்கும்.

அந்த விலகலால் ஜனவரி முதல் வாரத்தில் நமக்கும் சூரியனுக்கும் இடையே 14.71 கோடி கி.மீ., ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கி.மீ. ஆக, ஜனவரியில் பூமிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஒளி கிடைக்கிறது. ஆனால் டெல்லியில் அப்போது கடுங்குளிர். அதே நாளில், அதே தொலைவில், மெல்போர்னில் கோடை.

காரணம் 23.4 பாகை சாய்ந்த அச்சு. பூமி எங்கிருந்தாலும் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கமே நிற்பதால், ஜூனில் வடபாதி சூரியனை நோக்கியும் டிசம்பரில் விலகியும் சாய்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் டெல்லியில் சூரியன் 38 பாகை உயரம்தான் ஏறுகிறது. டார்ச் விளக்கைச் சரித்துப் பிடித்தால் வெளிச்சம் பரந்து மங்குவதுபோல, தரையில் விழும் ஒளி செங்குத்தாக விழுவதில் சுமார் 62 சதவீதமாகிவிடுகிறது. ஜூன் 21 அன்று அது 99 சதவீதத்துக்கும் மேல். பகலும் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடத்திலிருந்து 14 மணி நேரமாக நீள்கிறது. இவற்றுக்கு முன் அந்த 7 சதவீதம் எடுபடாது.

எனக்குக் கவலை தருவது அடுத்த தவறு. சாய்வைப் படித்த பிறகும் சிலர், "சாய்வதால் வடபாதி சூரியனை நெருங்குகிறது" என்று எழுதுகிறார்கள். பழைய விடையே வேறு உருவில் வருகிறது. பூமியின் குறுக்களவே 12,700 கி.மீ. சுமார்தான், பாதையில் ஏற்படும் 50 லட்சம் கி.மீ. வேறுபாடே பருவத்தை உண்டாக்கவில்லையே!

அதனால் இப்போதெல்லாம் பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் கழியை நட்டுவிடுகிறேன். சென்னையில் வெயிலை மேகமும் கடற்காற்றும் மாற்றிக்காட்டும். நிழல் அப்படி ஏமாற்றாது. டிசம்பர் 21 நண்பகலில் அது வடக்கே 74 செ.மீ. நீளம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள் கழியின் அடியில் ஒடுங்கிவிடும். ஜூன் 21 அன்று 18 செ.மீ. நிழல் தெற்கே விழும். சூரியன் அருகில் வந்ததாலோ தள்ளிப் போனதாலோ நிழல் பக்கம் மாறுமா என்று கேட்பேன். தொலைவு என்று எழுதிய பிள்ளைகள் அங்கேயே நின்று தங்கள் தாளைத் திருத்துவார்கள்.